இரண்டு மாத்திரைப் பைகள்: முதல் மாரடைப்புக்குப் பின் வந்த ஒரு டிஸ்சார்ஜ் கடிதம்

கடலூர் முதுநகரில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கணக்கு எழுதுபவர் இவர். வயது 56. ஏழு வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு. குடும்ப மருத்துவராக அவரையும் அவர் மனைவியையும் நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து, அளவு, பரிசோதனை முடிவு, நடந்தவற்றின் வரிசை ஆகியவற்றை மாற்றவில்லை.

ஜூன் 14ஆம் தேதி விடியற்காலையில் நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, இடது கையில் கடுப்பு. வாயுத் தொல்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். இ.சி.ஜி.யில் இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பு தெரிந்தது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்தார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. கொடுத்ததும் 108 வண்டியில் பாண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் உடனே ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் தொடக்கத்திலேயே முழுசாக அடைத்திருந்தது. அதைத் திறந்து, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிகிச்சையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வேகமாகவும் சரியாகவும் செய்திருக்கிறார்கள். இந்த ஆய்வு அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. வார்டு எனக்கு எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை, இல்லாததால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கடிதத்தில் இருந்தவை

தட்டச்சு செய்த இரண்டு பக்கம், கூடவே ஆஞ்சியோ அறிக்கை. நோயின் பெயர், ஸ்டென்ட்டின் அளவு, எந்தக் குழாயில் வைத்தார்கள் என்பதெல்லாம் தெளிவாக இருந்தன. எக்கோவில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் 42 சதவீதம் என்று இருந்தது. கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 4.2, எல்.டி.எல். 138, மூன்று மாதச் சர்க்கரை 8.1. இந்த எண்கள் இருந்தது பெரிய உதவி. பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் இவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

மருந்துப் பட்டியல் இது. காலையில் ராமிப்ரில் 2.5 மி.கி., மெட்டோப்ரோலால் 25 மி.கி., வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் 40 மி.கி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆஸ்பிரின் 75 மி.கி. காலையும் இரவும் டிகாக்ரெலார் 90 மி.கி. இரவில் அடோர்வாஸ்டாடின் 80 மி.கி. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை, ஆஞ்சியோ முடிந்து 48 மணி நேரத்துக்குப் பின் மறுபடி தொடங்க வேண்டும். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஐசோசார்பைடு 5 மி.கி. அதற்குக் கீழே "மருந்துகளைத் தொடரவும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை" என்று முடித்திருந்தார்கள்.

பட்டியலைப் பார்த்தால் எந்த இதய மருத்துவரும் தலையாட்டுவார். ஒரு மருந்துகூடத் தவறில்லை. டிகாக்ரெலாரோடு கொடுக்கும்போது ஆஸ்பிரின் 100 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, அதையும் சரியாகவே பார்த்து 75 எழுதியிருந்தார்கள். ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த ஒரு வருடம் முடிவெடுக்கப் போவது வார்டு இல்லை. தலைசுற்றினால், பல் வலித்தால், மூச்சு வாங்கினால் அவர் பாண்டிக்குப் போக மாட்டார், என்னிடம்தான் வருவார். எந்த மாத்திரையை எதற்காகக் கொடுத்தார்கள், எதுவரை, எதை நிறுத்தினார்கள் என்பது என் மேஜையில் இருக்க வேண்டும். கடிதத்தில் அது மூன்றும் இல்லை.

முதல் வாரம்: தலைசுற்றல்

ஜூன் 25ஆம் தேதி வந்தார். விடியற்காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது கண் இருட்டுகிறது என்றார். உட்கார்ந்தபடி பி.பி. 94/60. எழுந்து நின்று மூன்று நிமிடம் ஆனதும் மேல் அளவு 80. நாடி 58.

மாரடைப்புக்குப் பிறகு இப்படி ஒருவர் வந்தால் முதலில் இதயமே பலவீனமாகிவிட்டதா, உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பிரின், டிகாக்ரெலார் என்று ரத்தத்தைக் கட்டவிடாமல் தடுக்கும் இரண்டு மருந்து சாப்பிடுகிறவர் ஆயிற்றே. மலம் கறுப்பாகப் போகவில்லை, ஹீமோகுளோபின் வார்டில் இருந்தபடியே 13.4. நுரையீரல் தெளிவாக இருந்தது, கால் வீக்கமில்லை, இ.சி.ஜி.யில் புதிதாக ஒன்றுமில்லை. அப்புறம்தான் மாத்திரைகளை எல்லாம் கொட்டிக் காட்டச் சொன்னேன்.

அவர் மனைவி இரண்டு பைகளை எடுத்தார். ஒன்று பாண்டி மருத்துவமனையின் காகிதப் பை. இன்னொன்று வீட்டிலேயே இருந்த பழைய துணிப் பை. "பாண்டில கொடுத்தது நெஞ்சுக்கு, இது பிரஷருக்கும் முட்டிக்கும். ரெண்டையும் ஒரு வேளை தவறாம கொடுக்கிறேன் டாக்டர்" என்றார்.

துணிப் பையில் அம்லோடிபின் 5 மி.கி. இருந்தது. மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் சுகாதாரத் தன்னார்வலர் தந்தது, நான் எழுதியதுதான். கூடவே மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., முழங்கால் வலிக்கு. வார்டில் இருந்த நான்கு நாளும் அம்லோடிபின் கொடுக்கவில்லை. ராமிப்ரில் தொடங்குவதால் அதை நிறுத்திவிட்டார்கள். பின்னால் போனில் கேட்டபோது பயிற்சி மருத்துவர் உடனே சொன்னார், வார்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. கடிதத்தில் மட்டும் வரவில்லை. புதுப் பட்டியலில் இல்லாத மருந்து நின்றுவிட்டது என்றுதான் எழுதியவர் நினைத்திருப்பார். வீட்டில் அப்படி யாரும் படிப்பதில்லை. எழுதியிருப்பதைக் கொடுப்பார்கள், எழுதாததைப் பழையபடி கொடுப்பார்கள். அந்த அம்மா செய்தது முழுக்க நியாயமானது.

இப்போது பி.பி.யை இறக்கும் மருந்து மூன்று: அம்லோடிபின், ராமிப்ரில், மெட்டோப்ரோலால். ஒன்றை எடுக்க வேண்டும். எதை என்பதுதான் இந்த நிகழ்வின் முக்கியமான கேள்வி. தலைசுற்றல் புது மருந்துக்குப் பின் வந்தது, ஏழு வருடமாகச் சாப்பிடும் அம்லோடிபின் ஒன்றும் செய்ததில்லை, ஆகவே புதிதாக வந்த ராமிப்ரிலை நிறுத்துவோம் என்று நினைப்பது மிக எளிது. கூட்டமான ஒரு மாலை நேரத்தில் அப்படித்தான் கை போகும்.

ஆனால் ராமிப்ரில் இங்கே பி.பி.க்காகக் கொடுத்த மருந்து இல்லை. முன்சுவரில் பெரிய மாரடைப்பு வந்து, தள்ளும் திறன் 42க்கு இறங்கிய இதயம் நாளடைவில் விரிந்து தளரும். அந்த விரிவைத் தடுத்து ஆயுளைக் கூட்டுவதற்காகக் கொடுப்பது. மெட்டோப்ரோலாலும் அப்படியே. தள்ளும் திறன் 50க்கு மேல் இருந்திருந்தால் மெட்டோப்ரோலாலைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். 2024இல் வந்த ரெட்யூஸ்-ஏ.எம்.ஐ. ஆய்வில் அத்தகையவர்களுக்கு அந்த வகை மருந்தால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. இவருக்கு 42, எனவே அதுவும் இருக்க வேண்டும். அம்லோடிபின் பி.பி.யை இறக்கும், அடிபட்ட இதயச் சுவருக்கு அதனால் தனி நன்மை ஏதுமில்லை. ஆகவே போக வேண்டியது அதுதான்.

அம்லோடிபினை நிறுத்தினேன். அது உடம்பை விட்டுப் போக ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், அதுவரை ராமிப்ரிலை இரவுக்கு மாற்றினேன். தன்னார்வலர் பெண்ணிடமும் பேசி, அடுத்த மாதம் கொண்டு வர வேண்டாம் என்றேன். அவரிடம் சொல்லாவிட்டால் ஜூலையில் அந்த மாத்திரை மறுபடி பைக்குள் வந்திருக்கும். அசிக்ளோஃபெனாக்கை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு ரத்தத் தடுப்பு மருந்தோடு அது சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியும் வாய்ப்பு ஏறும், ராமிப்ரிலோடு சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும், மாரடைப்பு வந்தவருக்கு இன்னொன்று வரும் ஆபத்தையும் அந்த வகை மருந்து கூட்டும். முழங்காலுக்குப் பாரசிட்டமாலும் மேலே தடவ ஒரு ஜெல்லும் போதும் என்றேன். ஒரு வாரத்தில் நின்றபடி பி.பி. 108. தலைசுற்றல் நின்றது.

மூன்றாம் வாரம்: மூச்சு

ஜூலை முதல் வாரத்தில் மறுபடி வந்தார். மூச்சு முழுசாக இழுத்த மாதிரி இல்லை என்கிறார். வீட்டுக்கு வந்ததிலிருந்தே லேசாக இருந்ததாம், பயந்து சொல்லவில்லை.

டிகாக்ரெலார் சாப்பிடுகிறவர்களுக்கு இது வருவது வழக்கம். அந்த மருந்தைக் குளோபிடோக்ரெலோடு ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டின் பிளாட்டோ ஆய்வில் 13.8 சதவீதம் பேர் மூச்சு வாங்குவதாகச் சொன்னார்கள், குளோபிடோக்ரெல் சாப்பிட்டவர்களில் 7.8 சதவீதம். ஆனால் தள்ளும் திறன் 42 உள்ள இதயத்தில் இதய செயலிழப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்கப் பெரிய கருவி வேண்டாம், கேள்விதான் முக்கியம். படுத்தால் கூடுகிறதா, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, மாடி ஏறினால் அதிகமாகிறதா, எடை ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வரும், சில நிமிடத்தில் போய்விடும், ஏலத்தில் நின்று சத்தம் போட்டுக் கணக்குச் சொல்லும்போது வரவே இல்லை. எடை 64 கிலோ, வார்டை விட்டுக் கிளம்பியபோது இருந்ததேதான். நுரையீரல் சுத்தம், ஆக்சிஜன் 98. இது மருந்தின் வேலை.

இங்கேதான் பயம். பக்கவிளைவு என்று தெரிந்தவுடன் அவர் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதன் கம்பிகள் மேல் ரத்தக் குழாயின் உள்தோல் இன்னும் மூடவில்லை. இந்த நேரத்தில் தடுப்பு மருந்து நின்றால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கும். அது வந்தால் மறுபடி ஒரு பெரிய மாரடைப்பு, பலர் பிழைப்பதில்லை. தாங்க முடியாவிட்டால் குளோபிடோக்ரெலுக்கு மாற்றலாம், அதற்கும் ஒரு முறை உண்டு: டிகாக்ரெலாரின் கடைசி வேளையிலிருந்து 24 மணி நேரம் கழித்துக் குளோபிடோக்ரெல் 600 மி.கி. ஒரே தடவையாகக் கொடுத்து, மறுநாளிலிருந்து 75. வெறுமனே 75இல் தொடங்கினால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் பாதுகாப்பில்லாத சில நாள் வந்துவிடும்.

வார்டுக்குப் போன் செய்தேன். "தாங்கும்படி இருந்தால் இரண்டு வாரம் பாருங்கள், பெரும்பாலும் குறைந்துவிடும்" என்றார்கள். அவரிடம் காரணத்தை விளக்கி, நிறுத்தக் கூடாது என்று மனைவி எதிரிலேயே சொன்னேன். ஜூலை கடைசியில் மூச்சு சரியாகிவிட்டது. டிகாக்ரெலாருக்கு எதிரே "மூச்சு வாங்கலாம், நிறுத்த வேண்டாம், எங்களைக் கேளுங்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தால் மூன்று வாரம் அவர் பயந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்க மாட்டார்.

ரத்தப் பரிசோதனைகள்

ராமிப்ரில் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கடிதத்தில் அது இல்லை. ஜூலை 2ஆம் தேதி பார்த்தோம்: கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம் 4.8. பழைய 1.1 கையில் இருந்ததால் இது 18 சதவீத ஏற்றம் என்று கணக்கிட முடிந்தது. 30 சதவீதம் வரை ஏறுவது அந்த மருந்தின் இயல்பு, தொடரலாம். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால்தான் அளவைக் குறைக்க வேண்டும். ஆகஸ்ட்டில் பி.பி. இடம் கொடுத்ததால் ராமிப்ரிலை 5 மி.கி.க்கு ஏற்றினேன். எதுவரை ஏற்றலாம் என்பதையும் வார்டு எழுதினால் நல்லது. எழுதாவிட்டால் தொடங்கிய சின்ன அளவிலேயே வருடக்கணக்கில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

கொழுப்பு ஆறாவது வாரத்தில் பார்த்தது. எல்.டி.எல். 138இலிருந்து 66க்கு வந்திருந்தது. ஆய்வகச் சீட்டில் 66 இயல்புக்குள்தான் அச்சாகியிருந்தது, அவருக்கும் மகிழ்ச்சி. மாரடைப்பு வந்தவருக்கு இலக்கு 55க்குக் கீழே. அடோர்வாஸ்டாடின் ஏற்கெனவே 80இல் இருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. ஆகவே எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தேன்.

நான்காம் மாதம்: பல்

அக்டோபரில் கடைவாய்ப் பல் சொத்தையாகி வீங்கியது. பல் மருத்துவர் எடுக்க வேண்டும் என்று சொல்லி, ரத்தம் நீர்க்கிற மாத்திரை இரண்டையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். இந்த முறை நல்லவேளையாக அவரே என்னிடம் கேட்க வந்தார்.

பல் மருத்துவரிடம் பேசினேன். ஒரே ஒரு பல் எடுக்க எதையும் நிறுத்த வேண்டியதில்லை. குழியில் ஜெலட்டின் பஞ்சு வைத்து, ஒரு தையல் போட்டு, காஸ் துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொண்டால் நின்றுவிடும். தேவைப்பட்டால் ட்ரானெக்ஸாமிக் அமிலம் கலந்த நீரால் அந்த இடத்தை நனைக்கலாம். காலையில் எடுத்தால் நல்லது, கசிந்தால் பகலிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாயில் கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும், அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்ட்டுக்குள் உறையும் ரத்தத்துக்கு அந்த வசதி கிடையாது. அவர் ஒப்புக்கொண்டார், பல்லும் பிரச்சினையில்லாமல் வந்துவிட்டது.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்த மாத்திரை எதுவரைக்கும் டாக்டர்?" கடிதத்தில் இருந்தது "தொடரவும்" மட்டும். ஜூலையில் போன் செய்தபோதே அதைக் கேட்டுக் கடிதத்தின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன்: டிகாக்ரெலார் 12 மாதம், அடுத்த ஜூன் 14 வரை. ஆஸ்பிரின் ஆயுள் முழுக்க. அந்தத் தேதி எழுத்தில் இருந்தால்தான் பல் மருத்துவரோ, கண் புரை அறுவை செய்பவரோ இன்னும் எத்தனை மாதம் தள்ளிப் போடலாம் என்று கணக்குப் போட முடியும். தேதி இல்லாத "தொடரவும்" இரண்டு பக்கமும் கெடுக்கும். சிலர் மூன்றாம் மாதத்தில் சீட்டு முடிந்ததும் நிறுத்துகிறார்கள், சிலர் நான்கு வருடமாக இரண்டையும் சாப்பிட்டு வயிற்றில் ரத்தக் கசிவோடு வருகிறார்கள்.

கடிதம் எப்படி இருந்திருக்கலாம்

அதே வார்டுக்கு இந்த நிகழ்வை எழுதி அனுப்பியபோது, அவர்களுடைய தகவல்களையே வைத்து மருந்துப் பகுதியை இப்படி அமைத்துக் கொடுத்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை.

> ஸ்டென்ட் வைத்த நாள் ஜூன் 14. மருந்து பூசியது, ஒன்று, முன்பக்கக் குழாய். தள்ளும் திறன் 42.
>
> நிறுத்தியவை: அம்லோடிபின் (ராமிப்ரில் தொடங்கியதால்). வலி மாத்திரைகள் எதுவும் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும்.
>
> டிகாக்ரெலார் 90, இரு வேளை: அடுத்த ஜூன் 14 வரை. எங்களைக் கேட்காமல் யாரும் நிறுத்த வேண்டாம். பல் எடுக்க நிறுத்தத் தேவையில்லை. மூச்சு வாங்கலாம்.
>
> ஆஸ்பிரின் 75: ஆயுள் முழுக்க.
>
> ராமிப்ரில் 2.5, மெட்டோப்ரோலால் 25: இதயச் சுவருக்காக, பி.பி.க்காக அல்ல. பி.பி. தாழ்ந்தால் இவற்றைக் கடைசியாகக் குறைக்கவும். ராமிப்ரில் 10 வரை, மெட்டோப்ரோலால் நாடி 60க்குக் கீழே போகாதவரை ஏற்றலாம். கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டு வாரத்தில்: குடும்ப மருத்துவர்.
>
> அடோர்வாஸ்டாடின் 80: ஆறு வாரத்தில் எல்.டி.எல். பார்க்கவும், இலக்கு 55க்குக் கீழே: குடும்ப மருத்துவர்.
>
> பான்டோப்ரசோல்: இரண்டு ரத்தத் தடுப்பு மருந்தும் இருக்கும்வரை.
>
> நாக்கு மாத்திரை: உட்கார்ந்துகொண்டு ஒன்று. ஐந்து நிமிடத்தில் வலி நிற்காவிட்டால் 108.
>
> எக்கோ மூன்றாம் மாதம்: நாங்கள். அழைக்க வேண்டிய எண், பேச வேண்டியவர்.

எல்லாப் பரிசோதனைக்கும் எதிரே யார் செய்வது என்று எழுதியதில்தான் எனக்கு அக்கறை அதிகம். மூன்றாம் மாத எக்கோவை வார்டு எடுக்கும் என்று நானும், நான் எடுப்பேன் என்று அவர்களும் நினைத்தால் அது நடக்கவே நடக்காது. மாரடைப்பு வந்த வாரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி உயிரோடிருந்தும் மரத்துப் போய்க் கிடக்கும். அது மீண்டதா என்பது பிறகுதான் தெரியும். மூன்று மாத சிகிச்சைக்குப் பின்னும் தள்ளும் திறன் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால், திடீர் மரணத்தைத் தடுக்க உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர் வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். இவருக்குச் செப்டம்பரில் பாண்டியில் எடுத்த எக்கோவில் 50 வந்தது.

வார்டு இப்போது நிறுத்திய மருந்துகளுக்கென்று கடிதத்தில் தனிக் கட்டம் வைத்திருக்கிறது. முடிவுத் தேதி இன்னும் எல்லாக் கடிதத்திலும் வருவதில்லை. வராதபோது போன் செய்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். இவர் ஜூன் முதல் வாரத்தில் ஹீமோகுளோபின், கிரியாட்டினின் பார்த்துவிட்டு, டிகாக்ரெலாரை நிறுத்துவது பற்றி வார்டில் கேட்கப் போக வேண்டும். துணிப் பையை அந்த அம்மா எடுத்துப் போட்டுவிட்டார், பீடி மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு இன்னும் இருக்கிறது.